அடித்தல் திருத்தலோடு கிடைத்த உயில்: எது நிற்கும், எது நிற்காது?

"அப்பா 2014இல் இரண்டு சாட்சிகளை வைத்து உயில் எழுதிப் பதிவும் செய்திருந்தார். அவர் காலமான பிறகு அவருடைய பீரோவிலிருந்து அதை எடுத்துப் பார்த்தால், தங்கைக்கு வீட்டில் 'மூன்றில் ஒரு பங்கு' என்று இருந்ததை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே 'நான்கில் ஒரு பங்கு' என்று எழுதியிருக்கிறது. அத்தைக்குக் கொடுக்க வேண்டிய ரூ.3,00,000 என்பதில் 3ஐ 8 ஆக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் எழுத்தால் எழுதிய 'மூன்று லட்சம்' அப்படியே இருக்கிறது. ஒரு முழு வரி வெள்ளை மையால் மூடப்பட்டிருக்கிறது. இரண்டு பேரன்கள் பெயருக்கு நடுவே 2019இல் பிறந்த மூன்றாவது பேரனின் பெயர் சேர்க்கப்பட்டு, ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து மட்டும் இருக்கிறது. உயில் மொத்தமும் செல்லாது என்கிறார் அண்ணன். உண்மையா?"

உங்கள் அண்ணன் சொல்வது கடன் பத்திரத்துக்குப் பொருந்தும், உயிலுக்குப் பொருந்தாது. புரோநோட்டில் ஒரு தரப்பின் சம்மதமில்லாமல் தொகையைத் திருத்தினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 87ஆம் பிரிவின்படி அந்தத் தரப்பைப் பொறுத்தவரை அந்த நோட்டே செத்துவிடும். அந்த நினைவில்தான் பலரும் "திருத்தம் இருந்தால் ஆவணம் போச்சு" என்கிறார்கள். உயிலில் சட்டம் எதிர்த்திசையில் நடக்கிறது: முறைப்படி கையெழுத்தாகிவிட்ட உயிலைக் காப்பாற்றிக்கொண்டு, முறைப்படி செய்யப்படாத திருத்தத்தை மட்டும் அது தள்ளிவிடுகிறது. உங்கள் அப்பா 2014இல் சாட்சிகள் முன்னிலையில் போட்ட கையெழுத்துக்குப் பின்னால் நடந்த எந்தக் கிறுக்கலும் அந்தக் கையெழுத்தை அழித்துவிடாது.

இதற்கான விதி 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 71ஆம் பிரிவில் இருக்கிறது. உயில் கையெழுத்தாகி முடிந்த பிறகு அதில் செய்யப்படும் அழிப்போ, வரிகளுக்கிடையே சேர்ப்போ, வேறெந்த மாற்றமோ, உயிலை எழுதுவதற்கு எந்த முறை தேவையோ அதே முறையில் செய்யப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும் என்று அது சொல்கிறது. அந்த முறை 63ஆம் பிரிவில் உள்ளது: எழுதியவரின் கையெழுத்தோ அடையாளமோ இருக்க வேண்டும்; அதைக் கண்ணால் பார்த்த அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவர் வாயால் கேட்டுக்கொண்ட குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் முன்னிலையில் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அந்தக் கையெழுத்துகளைத் திருத்தத்துக்கு எதிரே ஓரத்தில் போட்டாலும் போதும். அல்லது உயிலின் கடைசியில் "இரண்டாம் பக்கம் ஏழாம் வரியில் இன்ன சொல் அடிக்கப்பட்டு இன்ன சொல் எழுதப்பட்டது" என்று ஒரு குறிப்பு எழுதி அதன் கீழே போட்டாலும் போதும்.

இந்தப் பொது விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பழைய சொற்கள் படிக்கவே முடியாதபடி, அல்லது அவற்றின் பொருள் தெரியாதபடி அழிந்துபோயிருந்தால், அந்த அளவுக்கு மட்டும் அழிப்பு பலிக்கும். உங்கள் நான்கு திருத்தங்களில் வெள்ளை மை பூசிய வரி மட்டும் தனி வழியில் போவதற்குக் காரணம் இந்த விலக்குதான்.

பிரிவுகளைப் பொருத்திப் பார்க்கும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: திருத்தம் உயில் கையெழுத்தாவதற்கு முன்பு நடந்ததா, பின்பா? 71ஆம் பிரிவு பின்னால் நடந்ததைப் பற்றியே பேசுகிறது. எழுத்தர் எழுதும்போதே பிழையாக எழுதி, அடித்துச் சரிசெய்து, அதன் பிறகு எல்லோரும் கையெழுத்திட்டிருந்தால், பக்கத்தில் சிறு கையொப்பம் இல்லாவிட்டாலும் அந்தத் திருத்தம் உயிலின் பகுதிதான். சிக்கல் அதை நிரூபிப்பதில் இருக்கிறது. கையொப்பமில்லாத திருத்தம் பின்னால்தான் நடந்திருக்கும் என்பது நீதிமன்றங்கள் நெடுநாளாகக் கொண்டுள்ள அனுமானம். இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டு உயில் சட்டத்தையொட்டி வேரூன்றி இங்கும் வந்தது அது. முன்பே நடந்தது என்பவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். சாட்சியோ எழுத்தரோ நேரில் வந்து சொல்வது, கையெழுத்துக்கு முன் தயாரித்த வரைவு, உயிலின் கடைசிப் பத்தியில் திருத்தங்களைப் பற்றிய குறிப்பு ஆகியவையே வழக்கமான ஆதாரங்கள்.

உங்கள் உயில் பதிவானது என்பதால் இந்தக் கேள்விக்கு எளிய வழி இருக்கிறது. பதிவுசெய்யப்பட்ட உயில்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் 3ஆம் புத்தகத்தில் ஏறுகின்றன. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே தருவார்கள். அவர் இறந்த பிறகு மனுச் செய்யும் யாருக்கும் தரலாம் என்று பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. இறப்புச் சான்றிதழோடு போய் முதலில் அந்தச் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அதில் இந்தத் திருத்தங்கள் இல்லையென்றால், அவை பதிவுக்குப் பின், அதாவது கையெழுத்துக்கும் பின், நடந்தவை என்பது ஒரே வீச்சில் தீர்ந்துவிடும். நகலிலும் ஒரு திருத்தம் இருந்தால் அது பதிவுக்கு முந்தியது என்று மட்டுமே தெரியும். கையெழுத்துக்கும் பதிவுக்கும் இடையில் சில நாட்கள் போயிருந்தால், அந்த இடைவெளியில் நடந்ததா என்ற கேள்வி மிச்சமிருக்கும். அப்போதும் ஓர் உதவி உண்டு. அடித்தல் திருத்தல் உள்ள ஆவணத்தை, எழுதிக்கொடுத்தவர் அவற்றுக்குக் கையெழுத்தோ சிறு கையொப்பமோ இட்டாலன்றிப் பதிய மறுக்கலாம் என்றும், பதிந்தால் பதிவேட்டில் அவற்றைக் குறிக்க வேண்டும் என்றும் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் குறிப்பைத் தேடிப் பாருங்கள்.

நகலில் நான்கு திருத்தங்களுமே இல்லை என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தங்கையின் பங்கு எளிது. ஒற்றைக் கோட்டுக்குக் கீழே 'மூன்றில் ஒரு பங்கு' தெளிவாகத் தெரிகிறது. மேலே எழுதிய 'நான்கில்' என்ற சொல்லுக்குக் கையெழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. பழைய சொல் நிற்கும், புதிய சொல் விழும். அடித்த கோடு மட்டும் தனியே பலித்து, தங்கைக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். அப்படி ஆகாது, படிக்க முடிகிற சொல்லை அடித்ததற்கு எந்தப் பலனும் இல்லை. இங்கே கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மற்ற இருவரின் மூன்றில் ஒரு பங்குகளை மாற்றாமல் தங்கையுடையதை மட்டும் நான்கில் ஒன்றாக்கினால் மொத்தம் பன்னிரண்டில் பதினொன்றுதான் வருகிறது. வீட்டின் பன்னிரண்டில் ஒரு பங்கு யாருக்கும் இல்லாமல் தொங்குகிறது. முடிவெடுத்துவிட்ட மனிதர் அப்படி விட்டுவைப்பது அரிது. யோசனையில் போட்ட கோடாக இருக்கலாம், வேறொருவர் கையாகவும் இருக்கலாம். சட்டத்தின் விடை இதனால் மாறாது. ஆனால் "அப்பாவின் கடைசி விருப்பம் இதுதான்" என்று யாராவது வாதாடினால் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

அத்தையின் தொகையில் நடந்திருப்பது மேலெழுத்து. 3 என்ற இலக்கத்தின் இடப்பக்கத்தை மூடி 8 ஆக்குவது மிகப் பழைய கைவேலை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பெரும்பாலும் மை இரண்டு தடவை ஓடியிருப்பதும், கோடு சேருமிடத்தில் தடித்திருப்பதும் தெரியும். இதுவும் கையெழுத்தில்லாத பின்திருத்தம் என்பதால் எண் 3ஆகவே கொள்ளப்படும். மேலெழுத்து அடியிலிருந்த இலக்கத்தை முழுதும் மறைத்திருந்தாலும்கூட, பக்கத்தில் எழுத்தால் 'மூன்று லட்சம்' என்று இருக்கும்வரை அதன் பொருள் மறையவில்லை. பிரிவு சொற்களோடு பொருளையும் சேர்த்துச் சொல்வதன் பயன் இது. அத்தைக்கு ரூ.3,00,000 கிடைக்கும், எட்டும் இல்லை, சூனியமும் இல்லை.

மூன்றாவது பேரனின் பெயர்தான் உங்கள் குடும்பத்துக்கு வலிக்கப்போவது. 2014 உயிலில் 2019இல் பிறந்த குழந்தையின் பெயர் இருப்பதால், அது பின்னால் எழுதப்பட்டது என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை. கையெழுத்தும் அப்பாவுடையதே என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளலாம். அப்படியும் அது செல்லாது. 71ஆம் பிரிவு எழுதியவரின் கையெழுத்தையும் சாட்சிகளின் கையெழுத்தையும் சேர்த்தே கேட்கிறது. ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் போதாது. அவர் மனதில் என்ன இருந்தது என்பது ஐயமறத் தெரிந்தாலும் நீதிமன்றம் இந்தக் குறையை நிரப்ப முடியாது. 2014இல் சாட்சியாக இருந்தவர்களே திரும்ப வந்திருக்க வேண்டும் என்பதில்லை; யாராவது இரண்டு பேர் அன்று பார்த்துக் கையெழுத்திட்டிருந்தால் போதுமாயிருந்தது. இருக்கிற நிலையில் உயிலின் அந்த வாசகம் தரும் சொத்து முதல் இரண்டு பேரன்களுக்கே போகும். பின்னாளில் அவர் முறைப்படி ஒரு துணை உயில் எழுதி, அதில் இந்தச் சேர்ப்பைக் குறிப்பிட்டிருந்தால் நிலைமை மாறும். எனவே பீரோவையும் வங்கிப் பெட்டகத்தையும் முழுதாகத் தேடுவதோடு, 3ஆம் புத்தகத்தின் அட்டவணையில் 2019க்குப் பின் அவர் பெயரில் வேறு பதிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி வெள்ளை மை. நான் மேலே சொன்ன விலக்கு வேலை செய்யும் இடம் இது, பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். "சார்பதிவாளர் நகலில் அந்த வரி முழுதாக இருக்கிறதே, அதைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாமே" என்று தோன்றும். நகலில் அந்த வரி 'நகைகள் அனைத்தும் இளைய மருமகளுக்கு' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2014இல் அங்கே என்ன எழுதியிருந்தது என்பதை நகல் காட்டும். அது இன்றும் உயிலில் உயிரோடிருக்கிறதா என்பதைக் காட்டாது. உயிலை எழுதியவரே, அதை நீக்கும் எண்ணத்தோடு, மூல உயிலில் படிக்க முடியாதபடி அழித்திருந்தால், சாட்சி இல்லாமலே அந்த வாசகம் போய்விடுகிறது. நகலைக் கொண்டு அதை மீட்க முடியாது. அந்த இடம் வெற்றிடமாகக் கருதப்படும். நகைகள், உயிலில் 'மீதியுள்ள சொத்துகள் எல்லாம் இன்னாருக்கு' என்ற பிரிவு இருந்தால் அவருக்குப் போகும். அப்படி ஒன்று இல்லையென்றால் உயில் எழுதாத சொத்தைப் போல வாரிசுகளுக்குப் பிரியும்.

ஆனால் இதற்குள் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒன்று, அழித்தது அவராக, அல்லது அவர் கண்முன் அவர் சொல்லி வேறொருவராக இருக்க வேண்டும். அழித்தவர் வேறு யாராவதென்றால் அந்தப் பூச்சுக்கு எந்தப் பலனும் இல்லை. அப்போது நகல் முழு வலிமையோடு வந்து பழைய வாசகத்தை நிறுத்தும். இதைத் தீர்மானிப்பதில் உயில் யார் கையில் இருந்தது என்பது பெரிய பங்கு வகிக்கிறது. கடைசிவரை அப்பாவின் பூட்டிய பீரோவில், அவர் கைச்சாவியில் இருந்திருந்தால், அவரே செய்தார் என்ற எண்ணம் நீதிமன்றத்துக்கு எளிதில் வரும். மற்றொருவரிடம், அதுவும் அந்த வரி மறைவதால் லாபமடைபவரிடம், சில காலம் இருந்திருந்தால் நிலைமை தலைகீழாகும். பீரோவைத் திறந்தபோது யார் யார் இருந்தார்கள், சாவி எங்கே இருந்தது என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, எண்ணம். ஒரு வரியை வெறுமனே மறைப்பது வேறு. மறைத்துவிட்டு அதன் மேல் புதியதை எழுதுவது வேறு. 1950இல் இங்கிலாந்தில் தீர்ப்பான இட்டர் வழக்கில், ஒரு பெண்மணி தம் துணை உயிலில் இருந்த தொகைகளின் மேல் காகிதத் துண்டுகளை ஒட்டிப் புதுத் தொகைகளை எழுதியிருந்தார், பெயர்களை மறைக்கவில்லை. புதுத் தொகைகளுக்குச் சாட்சி இல்லாததால் அவை விழுந்தன. பழையவை கண்ணுக்குத் தெரியாததால் அவையும் போயிருக்க வேண்டும். ஆனால் புதியது செல்லும் என்று நம்பித்தான் அவர் பழையதை மறைத்தார், அந்த நம்பிக்கை பொய்த்தபோது மறைத்ததும் பலிக்காது என்று கொண்டு, அகச்சிவப்பு ஒளிப்படத்தின் துணையால் பழைய தொகைகளைப் படித்து நீதிமன்றம் அவற்றை மீட்டது. உங்கள் உயிலில் வெள்ளை மையின் மேல் எதுவும் எழுதப்படவில்லை என்பதால் இந்த வாதம் எளிதாக எழாது. மேலே மாற்று வாசகம் ஏதாவது இருந்தால் வழக்கறிஞரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

'படிக்க முடியாதது' என்பதற்கு எது அளவுகோல் என்ற கேள்வியும் உண்டு. வெறுங்கண்ணால், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் தேர்ந்தவர் ஒருவர் படிக்க முடிந்தால் அது படிக்கத் தக்கதுதான் என்பது ஆங்கில நீதிமன்றங்களின் வழி. ரசாயனம் தடவியோ பூச்சைச் சுரண்டியோ எடுத்துப் படிப்பதை அவை கணக்கில் எடுப்பதில்லை. எனவே அந்த வரி உண்மையிலேயே போய்விட்டதா என்று முடிவுகட்டும் முன், தாளின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டுப் பாருங்கள். பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் பின்பக்கம் பதிந்து, எழுத்து இடவலம் மாறித் தெரிவது அபூர்வமல்ல. அப்படிப் படிக்க முடிந்துவிட்டால் அழிப்பு பலிக்காது, நகை மருமகளுக்கே. பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தயவுசெய்து பூச்சை நகத்தால் சுரண்டாதீர்கள், தண்ணீரோ ஸ்பிரிட்டோ தொடாதீர்கள், பாதுகாப்பு என்று நினைத்து லேமினேட் செய்யாதீர்கள். அந்தப் பூச்சே இப்போது சாட்சியம். அதைக் கெடுத்தவர் மீது சந்தேகம் திரும்பும். இரு பக்கங்களையும் ஒளிப்படம் எடுத்துவிட்டு, மடிக்காமல் ஓர் உறையில் வைத்து அப்படியே நீதிமன்றத்தில் ஒப்படையுங்கள். தடயவியல் ஆய்வு வேறு மை, வேறு கை என்பவற்றைச் சொல்லக்கூடும்; இன்ன வருடம் எழுதியது என்று துல்லியமாகச் சொல்லும் என்று அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

அண்ணனின் வாதத்தில் ஒரு சிறு உண்மை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிலைச் சூழ்ந்து சந்தேகத்துக்கிடமான சூழ்நிலைகள் இருந்தால் அவற்றைப் போக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று சொன்னது. முன்வைப்பவருக்கே லாபம் தரும் திருத்தம் அவர் கையிலிருந்த உயிலில் இருந்தால், நீதிபதி அந்தத் திருத்தத்தோடு நின்றுவிடாமல் மொத்த உயிலையும் கூர்ந்து பார்ப்பார். ஆகவே உயிலை உறுதிசெய்து நீதிமன்றம் தரும் மெய்ப்பிதழைக் கோரும் மனுவில் நான்கு திருத்தங்களையும் நீங்களே முதலில் விவரித்து, அவற்றை ஏற்கக் கோராமல், 2014 வாசகத்தின்படியே உயிலை முன்வைப்பது நல்லது. பழைய சாட்சிகளில் ஒருவராவது உயிரோடும் நினைவோடும் இருந்தால் அவரை விசாரிப்பது கட்டாயம். இருவரும் இல்லையென்றால் ஒரு சாட்சியின் கையெழுத்தையும் அப்பாவின் கையெழுத்தையும் அடையாளம் காட்டும் ஆள் வேண்டும்.

நான் சொன்னவை இந்துக்கள், கிறித்தவர்கள் முதலியோரின் வழக்கமான உயில்களுக்கானவை. முஸ்லிம்களின் உயிலுக்கு இந்த முறைகள் பொருந்தாது. போர்முனையிலிருக்கும் படைவீரரின் உயிலுக்கும் தளர்ந்த விதிகள் தனியே உண்டு.

மூன்றாவது பேரனுக்காக ஒன்று செய்யலாம். நீதிமன்றம் அந்தப் பெயரை ஏற்க முடியாதே தவிர, சொத்தைப் பெறுபவர்கள் தங்களுக்குக் கிடைத்ததிலிருந்து அவனுக்குப் பங்கு தருவதை யாரும் தடுக்கவில்லை. செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிப் பதிவு செய்ய வேண்டும். மற்ற இரண்டு பேரன்களும் பதினெட்டு வயது நிரம்பியவர்களாக இருந்தால் இது அவர்களுடைய விருப்பம் மட்டுமே. மைனர்களாக இருந்தால் அவர்களுடைய பங்கை விட்டுக்கொடுக்கப் பெற்றோருக்கே தன்னிச்சையான அதிகாரம் இல்லை. அசையாச் சொத்தென்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும். மைனருக்கு நன்மை இல்லாத ஒன்றுக்கு அந்த அனுமதி கிடைப்பது கடினம். அவர்கள் வயதுக்கு வரும்வரை அந்தச் சொத்தை விற்காமல் வைத்திருந்து, பிறகு அவர்களே எழுதிக்கொடுப்பதுதான் நடைமுறையில் இதற்கு இருக்கும் வழி.